மாதம் இரண்டே செய்தி: திருமங்கலம் செக்குக் கடை ஒன்றின் வாட்ஸ்அப் பட்டியல்

திருமங்கலத்தில் நான் கணக்கு எழுதிக்கொடுக்கும் கடைகளில் ஒன்று மரச்செக்கு எண்ணெய்க் கடை. கடலெண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றும் அங்கேயே ஆட்டி விற்கிறார்கள். கடையை நடத்துவது கணவனும் மனைவியும். செக்கு அண்ணன் பொறுப்பு, கல்லாவும் பில் நோட்டும் அக்கா பொறுப்பு. எண்ணெய் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் திருநகர், பசுமலை, வில்லாபுரம் பக்கத்துக் குடும்பத்தார். புண்ணாக்கு வாங்குகிறவர்கள் சேடப்பட்டி, உசிலம்பட்டி பக்கத்தில் மாடு வைத்திருப்பவர்கள். இந்த இரு கூட்டமும் கடையில் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே அபூர்வம். வாட்ஸ்அப்பில் மட்டும் ஓர் ஆடி மாதத்தில் இருவருக்கும் ஒரே செய்தி போனது. அதில் தொடங்கிய சிக்கலும் அது தீர்ந்த விதமும் எண்ணெய் விற்காதவர்களுக்கும் பயன்படும் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

பில் நோட்டில் ஏறக்குறைய அறுநூறு கைபேசி எண்கள் இருந்தன. பில் போடும்போது வழக்கமாகக் கேட்டு எழுதியவை, அவ்வளவுதான். கல்லூரியில் படிக்கும் மகன் அவற்றையெல்லாம் கடைக் கைபேசியில் ஏற்றி, ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்ப உதவும் பிராட்காஸ்ட் பட்டியல்களாகப் பிரித்தான். ஒரு பட்டியலில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது என்பதால் மூன்று பட்டியல்கள். ஆடித் தள்ளுபடி என்று எல்லா விலையும் அடங்கிய வண்ணச் சுவரொட்டி ஒன்று மூன்றுக்கும் போனது. அடுத்த நாள் காலை வணக்கப் படத்தோடு விலைப்பட்டியல், அதற்கடுத்த நாளும் அதே.

ஆர்டர் எதுவும் வரவில்லை என்றதும் அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து, அதன் தகவல் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யார் படித்தார்கள் என்று பெயர்வாரியாகக் காட்டும் பக்கம் அது. முதல் பட்டியலில் நாலில் ஒரு பங்குப் பெயர்கள்கூட அங்கே இல்லை. காரணம் எளியது. பிராட்காஸ்ட் செய்தி, நம் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போகும். நாம் அவர்கள் எண்ணைச் சேமித்திருந்தால் போதாது. மற்றவர்களுக்கு அது ஒற்றை டிக்கோடு நின்றுவிடும். அனுப்பியவருக்கு எச்சரிக்கை ஏதும் வராது. நோட்டில் எண் இருக்கிறது என்பதும் வாடிக்கையாளர் கைபேசியில் கடையின் எண் இருக்கிறது என்பதும் இரண்டு வேறு விஷயங்கள். இந்த வேலையில் இறங்குகிற எல்லாரும் முதலில் மனதில் வாங்க வேண்டியது இதைத்தான்.

மகன் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தான். போய்ச் சேராதவர்களுக்கெல்லாம் அதே செய்தியைத் தனித்தனியாக ஒட்டி அனுப்பத் தொடங்கினான். தனிச் செய்தி எல்லாருக்கும் போகும் என்பது சரிதான். ஆனால் சேமிக்காத எண்ணிலிருந்து செய்தி வந்தால், பெறுகிறவரின் திரையில் அந்த எண்ணைத் தடுக்கவும் புகார் செய்யவும் பொத்தான்கள் செய்தியோடு சேர்ந்தே நிற்கும். ஒரே விரல் அசைவில் முடிந்துவிடும் வேலை. புகார் செய்தால் அந்த உரையாடலின் கடைசிச் சில செய்திகள் வாட்ஸ்அப் நிறுவனத்துக்கும் போகும். அன்று மாலையே, இந்தக் கணக்கிலிருந்து புதிய உரையாடல் எதையும் இப்போது தொடங்க முடியாது என்ற அறிவிப்பு கடைக் கைபேசியில் வந்துவிட்டது. ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தவர்களுக்குப் பதில் சொல்ல முடிந்தது. மறுநாள் தடையும் நீங்கியது. அது நிரந்தரத் தடையாகியிருந்தால், பல ஆண்டுகளாக ஊருக்கெல்லாம் சொல்லிவைத்த எண் வாட்ஸ்அப்பில் இல்லாமலே போயிருக்கும்.

இதைவிட மோசமானது கடை வாசலில் நடந்தது. வெள்ளிக்கிழமை முழு விலை கொடுத்து இரண்டு டின் கடலெண்ணெய் வாங்கிப் போன ஓர் அம்மா, சனிக்கிழமை தள்ளுபடிச் சுவரொட்டியைப் பார்த்திருக்கிறார். அடுத்த பஸ்ஸிலேயே வந்து நின்றார். “நேத்து வாங்குனவங்களைப் பார்த்தா உங்களுக்கு எப்படித் தெரியுது தம்பி?” என்று கேட்டார். அவர் ஆறு ஆண்டுகளாக வாங்குகிறவர். அண்ணனால் பதில் சொல்ல முடியவில்லை. செய்தி அடிக்கடி வருவதால்தான் ஆட்கள் எரிச்சல்படுகிறார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். என் பார்வையில் அதைவிடப் பெரிய எரிச்சல், தனக்குப் பொருந்தாத செய்தி வருவது. மாட்டுக்காரருக்குத் தேங்காய் எண்ணெய் விலையும், நேற்று வாங்கியவருக்கு இன்றைய தள்ளுபடியும் அப்படிப்பட்டவை.

ஆகவே பழைய மூன்று பட்டியல்களையும் அழித்தோம். அந்த அறுநூறு எண்களுக்கு மன்னிப்புச் செய்தி அனுப்பலாமே என்று மகன் கேட்டான். வேண்டாம் என்று அக்கா தடுத்துவிட்டார். அதுவும் கேட்காத செய்திதான் என்பது அவர் வாதம், சரியான வாதம்.

புதிய பட்டியல் கல்லாவில் தொடங்கியது. பில் போட்டு முடித்ததும் அக்கா ஒரே கேள்வி கேட்பார்: “நீங்கள் வாங்குகிற எண்ணெய் தயாரானால் வாட்ஸ்அப்பில் சொல்லட்டுமா? மாதம் இரண்டுக்கு மேல் அனுப்ப மாட்டோம்.” சரி என்றால் கல்லாப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டை அவர்கள் கைபேசியால் ஸ்கேன் செய்யச் சொல்வார். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியிலேயே அந்தக் குறியீட்டை எடுக்கலாம். அதற்குப் பின்னால் இருப்பது இப்படி ஓர் இணைப்பு. கடையின் எண்ணை நாட்டுக் குறியீடு 91-ஓடு, இடைவெளி இல்லாமல் எழுத வேண்டும்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=OIL
```

அதைத் தொட்டதும் கடையோடு உரையாடல் திறந்து, செய்திப் பெட்டியில் அந்தச் சொல் தயாராக நிற்கும். அனுப்பும் பொத்தானை வாடிக்கையாளர் அழுத்த வேண்டும். முதல் செய்தி அவரிடமிருந்து வருகிறது என்பதுதான் இதில் முக்கியம். உடனே கடையிலிருந்து தொடர்பு அட்டை ஒன்று போகும். அதைத் தொட்டுச் சேமித்தால் வேலை முடிந்தது. வயதானவர்கள் கைபேசியை அக்காவிடமே நீட்டிவிடுவார்கள். அவர் திரையை அவர்கள் பக்கம் திருப்பி, “செக்குக் கடை என்று சேமிக்கிறேன் அம்மா, சரியா?” என்று கேட்டுக்கொண்டு செய்வார். நெரிசலான சனிக்கிழமைகளில் இந்தக் கேள்வியையே கேட்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். அவசரத்தில் சரி என்றவர் வீட்டுக்குப் போய்த் தடுத்துவிடுவார்.

நோட்டில் இப்போது எண்ணுக்குப் பக்கத்தில் சரி சொன்ன தேதியும், எதற்குச் சரி சொன்னார் என்பதும் இருக்கும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் ஒப்புதல் குறிப்பிட்ட நோக்கத்துக்காக, தெளிவாகப் பெறப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. கொடுத்த அளவு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது. பில்லுக்காக வாங்கிய எண்ணுக்கு விளம்பரம் அனுப்புவது இந்த அளவுகோலில் நிற்காது.

ஒருவர் ஏன் கடை எண்ணைச் சேமிக்க வேண்டும்? தள்ளுபடிக்காக என்று நினைத்தோம், இல்லை. ஆட்டிய எண்ணெயைத் தெளியவிட்டுத்தான் விற்பார்கள். தெளிவதற்குள் வந்தவர்கள் பலமுறை வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்கள். திருநகரிலிருந்து பஸ் ஏறி வருகிறவருக்கு, எண்ணெய் தயார் என்ற ஒரு வரி பத்து ரூபாய்த் தள்ளுபடியைவிடப் பெரிய உதவி.

அடுத்த வேலை, யாருக்கு எப்போது அனுப்புவது என்பது. எண்ணெய் தீர்ந்துபோகிற பொருள்; அது எப்போது தீரும் என்பதற்குப் பில் நோட்டே சாட்சி. ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஜூலை 4 அன்று மூன்று லிட்டர் கடலெண்ணெய் வாங்கியிருக்கிறார்கள். அடுத்து ஆகஸ்ட் 8 அன்று மூன்று லிட்டர். இடைவெளி 35 நாள். இதே வேகத்தில் போனால் செப்டம்பர் 12 வாக்கில் டின் காலியாகும். ஆகஸ்ட் 9 அன்று இவர்களுக்கு என்ன அனுப்பினாலும் வீண். செப்டம்பர் 7 அன்று அனுப்பினால், அடுப்படியில் டின்னைச் சாய்த்துப் பார்க்கத் தொடங்கும் நேரத்தில் செய்தி போய்ச் சேரும்.

ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக இப்படி அனுப்ப ஆள் இல்லை. எனவே எண்ணெய் தீரும் வாரத்தை வைத்து நான்கு பட்டியல்கள் போட்டோம்: மாதத்தின் முதல் வாரம், இரண்டாம் வாரம் என்று. மேலே சொன்ன குடும்பம் செப்டம்பரில் இரண்டாம் வாரப் பட்டியலில் இருக்கும். ஞாயிறு மாலை அக்கா நோட்டைப் புரட்டி, அந்த வாரம் வாங்கியவர்களை அடுத்து எந்த வாரம் தீருமோ அந்தப் பட்டியலுக்கு மாற்றுவார். அரை மணி நேர வேலை. தேடுவது எளிதாக இருக்கக் கைபேசியில் பெயருக்கு முன்னால் ஒரு குறி: கடலெண்ணெய்க்கு ‘க’, நல்லெண்ணெய்க்கு ‘ந’, புண்ணாக்குக்கு ‘பு’. பிசினஸ் செயலியில் லேபிள்களும் உண்டு, இருபது வரை வைத்துக்கொள்ளலாம். அதில் நாங்கள் இன்றியமையாததாக நினைப்பது ‘வேண்டாம்’ என்ற லேபிள். அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தப் பிரிப்பினால் இரண்டு நன்மைகள் கிடைத்தன. நேற்று வாங்கியவர் இன்று தள்ளுபடிச் செய்தியைப் பார்க்கும் வாய்ப்பு மிகவும் குறைந்துவிட்டது. அவர் பெரும்பாலும் அடுத்த மாதப் பட்டியலுக்கு நகர்ந்திருப்பார். இரண்டாவது, ஒரு நேரத்தில் நாற்பது ஐம்பது பேருக்கு மட்டும் போவதால், வரும் பதில்களுக்கு அக்காவால் அன்றே பதில் சொல்ல முடிந்தது. ஆர்டர் கேட்டுச் செய்தி அனுப்பிவிட்டு, வந்த ஆர்டருக்குப் பதில் சொல்லாமல் இரவுவரை போட்டுவைத்தால் அந்த வாடிக்கையாளர் அடுத்த செய்தியைத் திறக்க மாட்டார். எத்தனை பேருக்கு அனுப்பலாம் என்பதைச் செயலியின் 256 தீர்மானிக்கக் கூடாது. அன்று எத்தனை டின் கட்டித் தர முடியும் என்பதுதான் தீர்மானிக்க வேண்டும்.

இனி செய்தியின் வாசகம். பழைய சுவரொட்டி, ‘அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு ஆடி மாத நல்வாழ்த்துகள்’ என்று தொடங்கியது. கைபேசியின் அறிவிப்பில் தெரிவது முதல் சில சொற்கள் மட்டுமே. அதில் வாழ்த்து தெரிந்தால், வாழ்த்துப் படங்களோடு சேர்த்து அதையும் ஒதுக்கிவிடுவார்கள். படமாக அனுப்பினால் விலையைப் பார்க்கப் பெரிதாக்க வேண்டும். பார்வை குறைந்தவர்கள் அதற்கு முயல்வதில்லை. இப்போது போகும் செய்தி இது:

“கடலெண்ணெய் தெளிந்து தயாராக இருக்கிறது, செவ்வாய் ஆட்டியது. 5 லிட்டர் டின்னாக எடுத்தால் லிட்டருக்கு 10 ரூபாய் குறைவு, சனி மாலை வரை. வேண்டுமானால் எத்தனை லிட்டர் என்று மட்டும் அனுப்புங்கள், எடுத்துவைக்கிறோம். இந்தச் செய்திகள் தேவையில்லை என்றால் ‘வேண்டாம்’ என்று அனுப்புங்கள். – திருமங்கலம் செக்குக் கடை”

தள்ளுபடியை ஐந்து லிட்டருக்கு மட்டும் வைத்ததற்குக் காரணம் உண்டு. செக்கெண்ணெயில் கிடைக்கும் இலாபம் குறைவு. லிட்டருக்கு இருபது முப்பது என்று வெட்டினால் ஆட்டுக்கூலியே கையைக் கடிக்கும். ஐந்து லிட்டர் எடுத்தால் ஐந்து பாட்டிலும் நிரப்பும் வேலையும் மிச்சம். அந்த மிச்சத்தில்தான் பத்து ரூபாயைக் கொடுக்கிறார்கள். இன்னொன்று, ஒவ்வொரு செய்தியிலும் தள்ளுபடி இருந்தால் வழக்கமாக வாங்குகிறவர்கூடச் செய்தி வரும்வரை காத்திருக்கத் தொடங்குவார். அதனால் மாதத்தின் இரண்டு செய்திகளில் ஒன்றில் சலுகை எதுவும் இருக்காது. எண்ணெய் தயார் என்ற தகவல் மட்டும்.

குடும்பத்தாருக்குக் காலை பதினொரு மணிக்கு அனுப்புகிறார்கள். சமையல் முடிந்து, பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரம். பண்டிகை அன்று காலையில் எதுவும் போகாது. தீபாவளிப் பலகாரத்துக்கான கடலெண்ணெய்ச் செய்தியும், எண்ணெய்க் குளியலுக்கான நல்லெண்ணெய்ச் செய்தியும் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னதாகவே போய்விடும். சித்திரைத் திருவிழாவில் திருக்கல்யாணத்திலிருந்து அழகர் ஆற்றில் இறங்கும் நாள்வரை பட்டியலைத் தொடுவதே இல்லை. அந்த நாட்களில் மதுரைக்காரர்கள் கைபேசியில் எண்ணெய் விலை பார்க்க மாட்டார்கள்.

புண்ணாக்குப் பட்டியலின் கதை வேறு. கடலையை ஆட்டினால் எடையில் பாதிக்கு மேல் புண்ணாக்காகத்தான் வெளியேறும். ஆட்டிய அன்றே அது விற்றுப்போவது கடைக்கு நல்லது. மாடு வைத்திருப்பவர்கள் எழுத்துச் செய்தியைப் பெரும்பாலும் திறந்துவிட்டு விட்டுவிடுவார்கள். பதில் தட்டச்சு செய்ய அவர்களுக்கு நேரமும் இல்லை, பழக்கமும் இல்லை. அண்ணன் தன் குரலிலேயே ஒலிச் செய்தி ஒன்றைப் பதிவு செய்து, மாலைக் கறவை முடிந்த பிறகு ஏழு மணிக்குப் பட்டியலுக்கு அனுப்பினார்: “அண்ணே, நாளைக் காலை கடலைப் புண்ணாக்கு எட்டு மூட்டை இருக்கு. வேணுங்கிறவங்க ராத்திரிக்குள்ள சொல்லிருங்க.” பத்து நொடிதான். பதிலும் குரலிலேயே வந்தது. பிராட்காஸ்ட் பட்டியலில் போவதால் ஒவ்வொருவருக்கும் அது தனக்கே சொன்னதாகக் கேட்கும். பதிலும் கடைக்கு மட்டுமே வரும். வாட்ஸ்அப் குழு வைத்திருந்தால் எட்டு மூட்டைக்கு இருபது பேர் போட்டியிடுவதை எல்லாரும் பார்த்திருப்பார்கள். எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். பெண் வாடிக்கையாளர்கள் இருக்கும் கடையில் குழு என்ற பேச்சுக்கே இடமில்லை என்று நினைக்கிறேன்.

‘வேண்டாம்’ என்று யாராவது அனுப்பினால் அன்றே பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட வேண்டும். “சரிங்க, இனி அனுப்ப மாட்டோம்” என்று ஒரு வரி பதில். ஏன் என்று கேட்பதில்லை. சிக்கல் அடுத்த மாதம் வரும். அதே ஆள் கடைக்கு வந்து எண்ணெய் வாங்கியதும், ஞாயிறு மாலைப் பட்டியல் மாற்றத்தில் கை தன்னையறியாமல் அவரை மறுபடியும் சேர்த்துவிடும். அதற்குத்தான் ‘வேண்டாம்’ லேபிள். நோட்டிலும் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கோடு.

வேண்டாம் என்று சொல்லாமல் தடுத்துவிடுகிறவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? தடுத்ததை வாட்ஸ்அப் நமக்குச் சொல்லாது. எண்ணைச் சேமிக்காதவருக்கும், தடுத்தவருக்கும், பல நாளாகக் கைபேசியை அணைத்து வைத்திருப்பவருக்கும் ஒரே ஒற்றை டிக்தான் நிற்கும். நீல டிக் வரவில்லை என்பதை வைத்தும் எதையும் முடிவு செய்யக் கூடாது. படித்ததைக் காட்டாமல் அமைத்து வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். எனவே அக்கா ஒரு நடைமுறை வைத்திருக்கிறார். செய்தி அனுப்பிய மறுநாள் தகவல் பக்கத்தைப் பார்ப்பார். தொடர்ந்து மூன்று முறை போய்ச் சேராத பெயர் பட்டியலிலிருந்து வெளியேறும். அவர் கடைக்கு வந்தால், அதுவும் அவராகப் பேச்செடுத்தால், மறுபடி கேட்பார்.

சில மாதங்களில் ஒப்புதலோடு சேர்ந்தவர்கள் நூற்றெண்பது பேர் வரை வந்தார்கள். பழைய அறுநூறில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் ஒரு வாரப் பட்டியலுக்குச் செய்தி போனால் அன்றே பத்துப் பேராவது லிட்டர் கணக்கைப் பதிலாக அனுப்புகிறார்கள். தள்ளுபடி இல்லாத செய்திக்கும் ஏறக்குறைய அதே அளவு பதில் வருகிறது. அண்ணனுக்கு இதில் கிடைத்த பெரிய இலாபம், எப்போது எவ்வளவு ஆட்ட வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிவது.

தீராத குறை ஒன்று இருக்கிறது. பட்டியலில் உள்ள எண்களில் சில, எண்ணெய் வாங்குகிறவருடையவை அல்ல. அம்மா கடைக்கு வருவார், கொடுக்கும் எண் சென்னையில் வேலை பார்க்கும் மகனுடையதாக இருக்கும். மாதம் இரண்டு முறை எண்ணெய் தயார் என்ற செய்தி சென்னைக்குப் போகும். சில மகன்கள் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்கிறார்கள், பெரும்பாலோர் தடுத்துவிடுகிறார்கள். இப்போது கல்லாவில் எண்ணை வாங்கும்போது, “இந்தக் கைபேசி வீட்டில்தானே இருக்கும்?” என்றும் கேட்கிறார்கள். வீட்டில் வாட்ஸ்அப்பே இல்லாத சிலருக்கு அக்கா நேரடியாகத் தொலைபேசியில் சொல்கிறார். அவர்களுக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனிப் பட்டியல்.

கடலைப்பருப்பு விலை ஏறியபோது எண்ணெய் விலையையும் உயர்த்த வேண்டி வந்தது. உயர்த்துவதற்கு ஐந்து நாள் முன்னால், சலுகை ஏதும் சேர்க்காமல், புது விலை என்ன, எந்தத் தேதியிலிருந்து என்று இரண்டே வரியில் நான்கு வாரப் பட்டியல்களுக்கும் அனுப்பினார்கள். அந்த மாதக் கணக்கில் இது இரண்டாவது செய்தி. வழக்கமான தகவல் செய்தியை நிறுத்திவிட்டு இதை அனுப்பினார்கள். ‘வேண்டாம்’ என்று ஒருவர்கூட அனுப்பவில்லை. முன்பு கடை வாசலில் வந்து கேள்வி கேட்ட அந்த அம்மா, பழைய விலையில் இரண்டு டின் எடுத்துவைக்கச் சொல்லிப் பதில் போட்டிருந்தார்.